சாமந்தி என்னும் சொல்லோடு உறங்கு

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கயல்,

வியாழக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியம் மூன்று நாளாக என் காதிலேயே இருக்கிறது. "உடம்பு படுத்துவிடுகிறது அப்பா, தலைதான் அலுவலகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது" என்றாய். விளக்கை அணைத்து ஒன்றரை மணி நேரம் ஆன பிறகும் மறுநாள் கூட்டத்தில் பேச வேண்டியதை நீ ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பது புரிந்தது. இதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும். ஆனால் அதைப் போனில் அரைகுறையாகச் சொன்னால் நீ அரைகுறையாகச் செய்து பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்று விட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நம் தோப்பு மாங்காயை ஒரு பழக்கூழ் ஆலைக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு நடையாய் நடந்தேனே, அந்த ஐந்து மாதமும் நான் உறங்கிய இரவுகள் குறைவு. உன்னிடம் அப்போது சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் டன் கணக்கையும் வட்டிக் கணக்கையும் மனத்துக்குள் போட்டுக்கொண்டு கிடப்பேன். என்னிடம் தமிழ் படித்து, பின்னர் உளவியல் பக்கம் போன பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது இதைக் கேட்டுவிட்டுக் காக்னிட்டிவ் ஷஃபிளிங் என்ற முறையைச் சொல்லிக் கொடுத்தார். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல நினைப்பைக் கலைத்துவிடுவது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் போத்வான் என்ற அறிவியலாளர் உருவாக்கியது.

முறை மிக எளியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாதாரணப் பொருள்களை, ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றையும் சில நொடிகள் மட்டும் மனக்கண்ணில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஏன் தொடர்பில்லாமல் இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளாவிட்டால் இரண்டாவது இரவிலேயே தவறு செய்யத் தொடங்குவாய், நான் செய்தேன்.

உறக்கத்தின் வாசலில் மனம் எப்படி இருக்கும் என்று நீயே கவனித்திருப்பாய். ஒரு கிணறு தெரியும். பின் யாருடைய செருப்போ தெரியும். பின் ரயில்வே கேட் ஒன்று தெரியும். ஏன் என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். விழித்திருக்கும் மனமோ உன் அம்மா பூக்கட்டுவதுபோல எதைக் கண்டாலும் முடிச்சுப் போட்டுச் சரமாக்கிவிடும். நாளைய கூட்டம், அதில் மேலாளர் கேட்கப்போகும் கேள்வி, அதற்கு நீ சொல்லப்போகும் பதில், அந்தப் பதிலுக்கு அவர் முகம் போகும் போக்கு என்று முழம் நீண்டுகொண்டே போகும். போத்வானின் கருத்து என்னவென்றால், உறங்கப்போகும் மனத்தின் அந்தச் சிதறலை நாமே வேண்டுமென்று உண்டாக்கினால், உறக்கத்தை ஆளும் மூளைப் பகுதிகள் 'இங்கே விழித்திருந்து முடிக்க வேண்டிய வேலை ஒன்றும் நடக்கவில்லை' என்று எடுத்துக்கொண்டு வழிவிடும் என்பது. இது நிரூபித்து முடிந்த உண்மை அன்று, ஒரு கோட்பாடு. இன்னொரு காரணம் எவருக்கும் விளங்கக்கூடியது: சுவரில் தொங்கும் சல்லடை ஒன்றை உள்ளபடியே பார்த்துக்கொண்டிருக்கும் மனத்தால் அதே நொடியில் மேலாளருக்குப் பதில் தயாரிக்க முடியாது.

நூறிலிருந்து பின்னோக்கி எண்ணினால் போதாதா என்று நீ கேட்பாய். எண்ணுவது நாக்குக்குப் பழகிய வேலை. அது ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்கும், கவலை இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். 2002ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் உறக்கமின்மையால் அவதிப்பட்டவர்களைக் கொண்டு செய்த ஆய்விலும், ஒரு காட்சியை மனத்தில் விரித்துப் பார்க்கச் சொல்லப்பட்டவர்கள், எந்த வழியும் சொல்லப்படாதவர்களைவிட விரைவில் உறங்கியதாகச் சொன்னார்கள். நான் முதலில் மனப்பாடச் செய்யுள்களைச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் சந்தி பிரித்துப் பொருள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆசிரியர் புத்தி எங்கே போகும்?

இனிச் செய்முறை. விளக்கை அணைத்து, போனைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டு, படுத்தபின் ஒரு சொல்லை எடுத்துக்கொள். அந்தச் சொல்லின் முதல் எழுத்தில் தொடங்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார். அந்த எழுத்து வற்றியதும் அல்லது அலுத்ததும் அடுத்த எழுத்துக்குப் போ. ஆங்கிலத்தில் இதற்கு எந்தச் சொல்லை எடுத்தாலும் ஓரளவு ஓடும். தமிழில் ஓடாது, ஏனென்றால் ண, ழ, ள, ற, ன போன்றவை நம் சொற்களுக்கு முதலில் வாரா. நான் முதல் இரவில் 'கிருஷ்ணகிரி' என்று எடுத்துக்கொண்டு, 'ஷ்'-இல் சிக்கி, பிறகு 'ண'-வில் சிக்கி, படுக்கையிலேயே மொழிமுதல் எழுத்துகளைப் பற்றி இலக்கணப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆகவே எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வரக்கூடிய சொல்லாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். எனக்கு அமைந்தது 'சாமந்தி'. ச, ம, ந, த என்ற நான்கு வரிசைகளும் பொருள் நிறைந்தவை. 'சா'-வில் மட்டும் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சகர வரிசை முழுவதும் உன்னுடையது. 'கவிதை'யும் நல்ல சொல்தான்.

ஒரு நல்ல இரவு எப்படிப் போனது என்று சொல்கிறேன். ச: சங்கு. வெள்ளை, வாய்ப்பக்கம் இளஞ்சிவப்பு, உள்ளே மணல் கொஞ்சம். விடு. சீப்பு. கறுப்பு நிறம், இரண்டு பல் உடைந்தது. விடு. சுத்தியல். கைப்பிடி தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. விடு. சேவல். ஓட்டின் மேல் நிற்கிறது, ஒரு காலைத் தூக்கியிருக்கிறது. இவ்வாறு ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து பதினைந்து நொடிவரை இருக்கலாம். கடிகாரம் வைத்து அளக்காதே, பொருள் தெளிவாகத் தெரிந்ததும் நகர்ந்துவிட்டால் போதும். ம: மூங்கில், மணி, முறம், மிளகாய். மிளகாய்க்குப் பிறகு ஒரு தையல் இயந்திரம் வந்தது. அது 'த' வரிசையாயிற்றே, இப்போது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அதுதான் நல்ல அறிகுறி. அழைக்காத பொருள்கள் தாமாக வர ஆரம்பித்தால் வாசல் திறந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் எழுத்தைத் தேடித் திரும்பி ஓடக் கூடாது. அதன் பிறகு எனக்குத் தெரிந்தது பால்காரரின் மணியோசைதான்.

கெட்டுப்போகும் வழிகள் இரண்டு. முதலாவது, பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போவது. சங்கு, சீப்பு, சுத்தியல், சேவல் என்று அகராதிபோல மனம் ஒப்பித்தால், அதுவும் எண்ணுவதைப் போன்றதே. கவலை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும். ஐந்து பொருள் கடந்தும் ஒன்றின் நிறம்கூட நினைவில்லை என்றால் நீ பார்க்கவில்லை, ஒப்பிக்கிறாய். சமாதானம், சட்டம், மதிப்பு போன்ற சொற்கள் வந்தால் தள்ளிவிடு. அவற்றுக்கு உருவம் கிடையாது.

இரண்டாவது நுட்பமானது. மகரத்தில் எனக்கு ஒருநாள் மாங்காய் வந்தது. பச்சையாக, காம்பில் பால் வடிய, பெங்களூரா மாங்காய். எதற்கும் கெடுதல் இல்லாத பொருள்தானே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாங்காய் கூடையாயிற்று, கூடை லாரியாயிற்று, லாரி ஆலை வாசலில் நின்றது, வாசலில் காசாளர் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்றார். கண் நன்றாக விழித்துக்கொண்டது. பொருள் கெட்டதில்லை, நான் அதைக் கோத்துவிட்டேன். ஒரு படத்துக்குள் ஆள் வந்து பேச ஆரம்பித்தால், அல்லது 'பிறகு என்ன' என்று மனம் கேட்டால், கதை தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு, மாங்காயோடு வாதாடாமல், மத்தளத்துக்கோ மரக்காலுக்கோ தாவிவிடு. உனக்கு மடிக்கணினி, நாற்காலி, தட்டச்சுப் பலகை ஆகியவை என் மாங்காய்போலத்தான். அவை வந்தால் திட்டிக்கொள்ளாதே, தாவு. ஒரே இரவில் இருபது முறை தாவ நேர்ந்தாலும் அது தோல்வி இல்லை. முதல் வாரம் முழுதும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

இதன் எல்லையையும் சொல்லாமல் விட்டால் நான் மருந்து விற்பவன்போல ஆகிவிடுவேன். போத்வானும் உடனுழைத்தவர்களும் படுத்ததும் மனம் ஓயாத 154 பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2016இல் முடிவைச் சொன்னார்கள். மாலையிலேயே உட்கார்ந்து கவலைகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் தாளில் எழுதும் பழைய முறைக்கு இது சளைத்ததில்லை, படுக்கையிலேயே செய்யலாம் என்பது இதன் வசதி என்ற அளவில்தான் அது தெரிவித்தது. பெரிய சான்று என்று சொல்ல மாட்டேன். நீ இரண்டையும் சேர்த்தே செய்யலாம்: கூட்டத்துக்கான குறிப்புகளை ஏழு மணிக்கே எழுதி மூடிவைத்துவிட்டால், இரவில் மனத்துக்குக் கோக்க நார் குறையும்.

சுமார் இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லை என்று தோன்றினால், இதையே பிடித்துக்கொண்டு போராடாமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பிப் படு. வாரத்துக்கு மூன்று இரவாவது இப்படிப் போய், அது மூன்று மாதம் நீடித்தால், அது உறக்க மருத்துவரிடம் போக வேண்டிய சங்கதி. அங்கே அதற்கென்று முறையான உளவியல் பயிற்சி இருக்கிறது, சங்கும் சீப்பும் அதற்கு ஈடாகா. குறட்டையும் மூச்சடைப்பும் இருப்பவர்களுக்கும் இது எதுவும் செய்யாது. உன் அம்மா இதை என்னைக் காட்டிச் சொல்லச் சொல்கிறாள்.

ஒரே சொல்லை நாள்தோறும் எடுத்தால் பொருள்கள் வரிசையாக மனப்பாடமாகிவிடும். சங்குக்குப் பின் சீப்பு என்று தானே வரத் தொடங்கினால் சொல்லை மாற்றிவிடு. நான் இப்போது 'சாமந்தி'யை வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வைத்திருக்கிறேன். அதில் தகரம் வரை நான் விழித்தே சேர்ந்த இரவுகள் இந்த ஆண்டில் மூன்றோ நான்கோ இருக்கும். நீ எந்த எழுத்தில் நின்றாய் என்பது காலையில் நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா