அந்த வரைவை அனுப்பாதை, மச்சான்

கொக்குவில்,
செவ்வாய் இரவு 9 மணி

அன்புள்ள மச்சான்,

ரெண்டு மாசமா ஒரு வரியும் எழுதேல்லை எண்டு ஏசப்போறாய். ஏசு, ஆனா நாளைக்கு மத்தியானத்துக்குப் பிறகு ஏசு. அம்மா சுகம். சின்னவனுக்குக் காய்ச்சல் மாறிட்டுது. கட்டையன்ரை கலியாணக் கதை எழுத்தில அடங்காது, நேரில வந்து சொல்லுறன். இப்ப நீ இண்டைக்குப் போன பால் சங்கத்து நேர்முகக் காரியம்தான் அவசரம். வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுவம் எண்டு சங்கத்து ஆக்கள் சொன்னபடியா, நாளைக் காலமை பத்து மணிக்கு முன்னம் உன்ரை நன்றி மடல் அவையின்ரை கையில இருக்கவேணும். நேர்முகப் பரீட்சை முடிஞ்சு ஒரு நாளுக்குள்ள போறதுதான் மடல். வியாழக்கிழமை போனா, அவை கூடிக் கதைச்சு எழும்பின பிறகு போன மாதிரி.

நீ பின்னேரம் அனுப்பின வரைவை ரெண்டு தரம் வாசிச்சன். அதை அனுப்பாதை.

கோவிக்காமல் ஒரு வேலை செய். உன்ரை சுயவிபரக்கோவையைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, அதில ஏற்கெனவே இருக்கிற விசயம் வாற வரியளை எல்லாம் வரைவில வெட்டு. "எட்டு வருடம் பால் சேகரிப்பு நிலையத்தில் கடமையாற்றியுள்ளேன்" வெட்டுப்படும். டிப்ளோமா வெட்டுப்படும். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரமும் போயிடும். மிஞ்சுறது "நன்றி", "ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்", பிறகு உன்ரை பேர். அந்த மிச்சத்தை நீ ஒரு வங்கிக்கும் அனுப்பலாம், ஒரு தையல் கடைக்கும் அனுப்பலாம். இந்தச் சங்கத்துக்கு எண்டு அதில ஒரு சொல்லும் இல்லை. டொக்டர், கணக்காளர், தலைவர் மூண்டு பேரும் உன்ரை கோவையை மேசையில வைச்சுக்கொண்டுதானே கேள்வி கேட்டவை. அதையே திருப்பி எழுதினா, அறையில நடந்த முக்கால் மணித்தியாலம் உனக்கு ஞாபகமில்லை எண்டுதான் விளங்கிக்கொள்ளுவினம்.

இந்த மடலுக்குச் சரக்கு கோவையில இல்லை, அவை கேட்ட கேள்வியளிலதான் இருக்கு. நீ போனில சொன்னதை நான் அப்பிடியே குறிச்சு வைச்சிருக்கிறன். மாட்டு டொக்டர் ஒரே கேள்வியை ரெண்டு விதமாக் கேட்டவர் எண்டாய். முதல் தரம், "அல்ககோல் சோதனையில பால் திரிஞ்சா என்ன செய்வீர்?" ரெண்டாந்தரம், "திருப்பி அனுப்பின ஆள் அடுத்தநாள் தனியாருக்கு ஊத்தினா?" ஒரு குழுவில ஒராள் ஒரு கேள்விக்குத் திரும்பி வாறார் எண்டா, ஒண்டில் முதல் பதில் அவருக்குக் காணேல்லை, அல்லது அந்தக் கரைச்சல் இப்ப அவருக்கு உண்மையாவே நடந்துகொண்டிருக்கு. ரெண்டில எது எண்டாலும் மடல் அந்த இடத்திலதான் தொடங்கவேணும்.

நீ அவருக்குச் சொன்ன பதில் பாதிதான் சரி எண்டு உனக்கே தெரியும். சம அளவு பாலும் அல்ககோலும் கலந்து குலுக்கேக்கை கட்டி கட்டியா வந்தா, "அது பழைய பால், திருப்பிறதுதான்" எண்டு சொல்லிப்போட்டாய். புளிச்ச பால் திரியும், உண்மை. ஆனா மடி நோய் வந்த மாட்டின்ரை பால் கறந்து பத்து நிமிசத்திலயும் திரியலாம். கண்டு போட்ட முதல் நாள் பாலும் திரியும், பால் வத்துற கடைசிக் காலத்துப் பாலும் சிலவேளை திரியும். விடியக் காலமை கறந்து நேர கொண்டுவந்த மனுசியைப் பாத்துப் பழைய பால் எண்டு சொன்னா, அவ ஏன் அடுத்தநாள் வாறா? டொக்டர் ரெண்டாந்தரம் கேட்டது அதைத்தான். பதட்டத்தில நீ அதை விட்டிட்டாய். நன்றி மடலால ஆகக்கூடிய பெரிய உதவியே இப்பிடிப் பாதியில நிண்ட பதிலை முடிச்சு வைக்கிறதுதான். உனக்கு அந்த வேலை தெரியும் எண்டதும் அதிலேயே வந்திடும், நீ தனியாச் சொல்லத் தேவையில்லை.

டொக்டருக்குப் போற மடலை இப்பிடி எழுதிப் பாத்தன். உன்ரை வாய்க்கு வாற மாதிரி மாத்து:

"வணக்கம் டொக்டர். நேற்று எனக்கு ஒதுக்கிய நேரத்துக்கு நன்றி. சோதனையில் திரிந்த பாலைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பண்ணையாளரை எப்படி வைத்திருப்பீர்கள் என்று கேட்டீர்கள். திரிந்தால் பழைய பால் என்று நான் சொன்னது முழுப் பதில் அல்ல. மடி நோயாலும், கன்று ஈன்ற முதல் நாட்களிலும் புதிய பாலே திரியும் என்பதைச் சேர்த்திருக்க வேண்டும். ஆகவே சோதனையை அவருக்கு முன்னாலேயே செய்து காட்டி, கறந்த நேரத்தைக் கேட்டுக் குறிப்பேன். நேரம் பிந்தவில்லை என்றால் அன்று பின்னேரமே கொட்டிலுக்குப் போய், முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பேன். கட்டி தெரிந்தால் உங்களுக்கு அறிவித்து, எந்த மாடு என்று அவருக்கும் காட்டுவேன். உங்கள் கேள்விக்குப் பிறகு, இந்தப் பதவியில் பாதி வேலை கொட்டிலில்தான் என்பது எனக்குத் தெளிவாகியது. அதைச் செய்யவே விரும்புகிறேன்."

அவ்வளவுதான். கீழ பேரும் தொலைபேசி இலக்கமும். போனில பிடிச்சு வாசிச்சா ஒரு திரையும் கொஞ்சமும் வரும். அதைவிட நீட்டாதை. உனக்குக் கை ஊறும், எனக்குத் தெரியும். குளிரூட்டும் நிலையத்துக்கு முழுத் திட்டம் ஒண்டு எழுதி இணைக்க நினைப்பாய். வேண்டாம். உள்ளுக்க வேலை செய்யாத ஆள் மூண்டு பக்கத்தில திட்டம் எழுதினா, பாதி பிழையா இருக்கும், மிச்சப் பாதி அங்க இருக்கிற ஆக்களைக் குறை சொல்லுற மாதிரி இருக்கும். கோவையைத் திரும்ப இணைக்காதை. சம்பளம், லீவு ஒண்டும் கேக்காதை. "இந்த வேலை எனக்குக் கட்டாயம் தேவை" எண்ட அந்த வரியை எடு. அது உண்மை எண்டு எனக்குத் தெரியும், மச்சான், அதை வாசிக்க எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு. ஆனா அது அவைக்கு உன்ரை தேவையைச் சொல்லுதே தவிர, அவையின்ரை தேவையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.

கணக்காளர் அம்மாவுக்கு வேற மடல். டொக்டருக்குப் போனதையே பேரை மாத்தி அனுப்பினா மாட்டுப்படுவாய். ஒரே அலுவலகத்தில இருக்கினம், ஒராள் மற்றாளுக்குக் காட்டத்தான் செய்வினம். அவ கேட்டது, வெளியில பால் எடுக்கிற இடத்துப் புத்தகத்தில இருக்கிற பால் அளவு ஏன் நிலையத்துப் புத்தகத்தோட ஒத்துவாறதில்லை எண்டு. நீ சிந்துறதைப் பற்றியும் களவைப் பற்றியும் சொன்னனி. அலகைப் பற்றிச் சொல்ல மறந்திட்டாய். வெளியில லீற்றரில அளக்கினம், நிலையத்தில தராசில வைச்சுக் கிலோவில எழுதினமெண்டா, ஒரு லீற்றர் பால் கிட்டத்தட்ட 1.03 கிலோ. 100 லீற்றர் ஊத்தினா தராசில ஏறக்குறைய 103 வரும். ரெண்டு புத்தகத்தையும் அப்பிடியே பக்கத்தில வைச்சா ஒவ்வொரு நாளும் நிலையத்தில மூண்டு வீதம் கூட வந்த மாதிரித் தெரியும். இன்னும் மோசம், உண்மையா மூண்டு லீற்றர் குறைஞ்ச நாளில ரெண்டு இலக்கமும் அச்சொட்டா ஒத்துவரும், ஒருத்தரும் கவனிக்காயினம். அவவுக்கு இந்த ஒரு விசயத்தை நாலு வரியில எழுது: முதல் வாரம் ரெண்டு இடத்திலயும் எந்த அலகு எண்டு பாத்து, ஒண்டாக்கின பிறகுதான் யாரையும் கேள்வி கேட்பன் எண்டு. அவ தேடுறது கணக்குத் தெரிஞ்ச களத்து ஆள். அந்த நாலு வரி போதும்.

தலைவர் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை எண்டாய். அவருக்கு மூண்டு வரி நன்றி. இல்லாத கேள்வியை உண்டாக்கி எழுதாதை.

இனி அனுப்புற விதம். டொக்டரின்ரையும் கணக்காளரின்ரையும் விலாசம் அழைப்பு மடலிலேயே இருக்கு எண்டாய், அது வசதி. தலைவரின்ரை இல்லையெண்டா, அழைப்பு அனுப்பின அலுவலர் தங்கச்சிக்கே அதே மடலுக்குப் பதிலா அனுப்பி, தலைவரிட்டைச் சேர்க்கச் சொல்லிக் கேள். தெரிஞ்ச ஆக்களைப் பிடிச்சு அவற்றை சொந்த இலக்கம் தேடி வட்சப்பில அனுப்பிற வேலை வேண்டாம். விடயத்தில பதவியின்ரை பேரும் உன்ரை பேரும் இருந்தாக் காணும்.

நேர்முகம் தமிழில நடந்தபடியா மடலும் தமிழில போகட்டும். ஆனா உன்ரை கணினியில நீ இன்னும் பாமினியில அடிக்கிறாய். பின்னேரம் நீ அனுப்பின வரைவு எனக்கு எப்பிடித் திறந்தது தெரியுமே?

```
tzf;fk;
```

இதுதான் முதல் வரி. எனக்குப் பழக்கம் எண்டபடியா "வணக்கம்" எண்டு வாசிச்சன், எழுத்துருவைப் போட்டு மிச்சத்தையும் வாசிச்சன். டொக்டர் தன்ரை போனில திறந்தா முழு மடலும் இப்பிடித்தான் தெரியும், அவர் அழிச்சுப்போடுவார். பாமினியில எழுத்துருதான் தமிழ், உள்ளுக்க இருக்கிறது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில வேசம் கலைஞ்சுபோகும். யூனிகோட்டில அடி, இல்லாட்டி போனிலேயே அடி. அடிச்சு முடிச்ச உடனை, முதல்ல எனக்கொருக்கா அனுப்பு, என்ரை போனில சரியாத் தெரியுதோ எண்டு பாத்துச் சொல்லுறன்.

பேரெழுத்தைக் கவனி. டொக்டர் தன்ரை பேரை அழைப்பு மடலில எப்பிடி எழுதியிருக்கிறாரோ அப்பிடியே எழுது. உன்ரை வரைவில ரெண்டு இடத்தில ரெண்டு விதமா இருக்கு.

உன்ரை மச்சாள் பிரதேச செயலகத்து நேர்முகத்துக்குப் போறா எண்டு எழுதியிருந்தாய். அவவுக்கு இதைக் காட்டி நீயும் எழுது எண்டு சொல்லிப்போடாதை. அரசாங்கப் பதவிக்குப் புள்ளித் திட்டத்தின்படி அந்த இடத்திலேயே புள்ளி போட்டு முடிஞ்சிடும், மடலால ஒரு புள்ளியும் கூடாது. குழுவில இருந்தவைக்குத் தனிய எழுதினா ஆதரவு தேடுறா எண்டும் எடுப்பினம். அவ பேசாம இருக்கிறதுதான் நல்லது.

வெள்ளிக்கிழமை ஒரு செய்தியும் வரேல்லை எண்டா, அடுத்த புதன் வரைக்கும் பொறு. பிறகு அலுவலர் தங்கச்சிக்கு ரெண்டு வரியில கேள். டொக்டரைத் திரும்பக் கரைச்சல் குடுக்காதை.

நான் காலமை அஞ்சரைக்கு எழும்பிடுவன். ஆறு மணிக்குள்ள மூண்டு மடலையும் அனுப்பு, ஏழுக்கு முன்னம் பாத்துத் திருப்பி அனுப்புறன். அந்தக் கறுப்புத் துணி வரியை மட்டும் வெட்டிப்போடாதை.

அன்புடன்,
உன்ரை கொக்குவிலான்