புரிந்தது என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கைபேசிப் பழக்கங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது. "எந்த எழுத்தில் எழுதினால் என்ன, புரிந்தால் போதும்." கட்டுரையின் மற்ற பகுதிகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இந்த ஒரு வரியைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. புரிந்தது என்று யார் சொல்வது? எழுதியவரா, படித்தவரா? எழுதுகிறவருக்குத் தான் எழுதியது எப்போதும் புரியும். அவர் மனத்தில் இருப்பதைத்தானே அவர் வாசிக்கிறார்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவை நாங்கள் மூன்று பிள்ளைகளும் முறைபோட்டுக் கவனித்துவந்தோம். இரவில் கொடுத்துவந்த வலி மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டியிருந்தது. ஒரு நாள் தம்பி மருத்துவரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறும் அவசரத்தில் எங்கள் குழுவுக்கு இப்படி அனுப்பினான்: `rathiri vali mathirai kudukala`. அக்கா உடனே பதில் போட்டார்: `en kudukala`. நேற்று இரவு அம்மாவுக்கு மாத்திரை கொடுக்காமல் விட்டுவிட்டான் என்று அவர் புரிந்துகொண்டார். தம்பி சொல்ல வந்தது வேறு. வலி இருந்தால் இரவு மாத்திரையை இனியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்திருக்கிறார். அக்காவின் கோபம் அவனுக்குப் புரியவில்லை. அவன் ஏன் மழுப்புகிறான் என்று அக்காவுக்குப் புரியவில்லை. அன்று அம்மாவுடன் இருந்தவள் நான். விட்டுப்போன மாத்திரையை இப்போது கொடுப்பதா, இரவுவரை பொறுப்பதா? தம்பி தொலைபேசியை எடுக்கும்வரை மாத்திரை அட்டையை நான் தொடவில்லை.

இதில் யாரைக் குறை சொல்வது? `kudukala` என்பதை இருவரும் சரியாகத்தான் வாசித்தார்கள். பேச்சில் 'கொடுக்கவில்லை' என்பது 'குடுக்கல' என்று குறுகும். 'கொடுக்கலாம்' என்பதன் கடைசி மகரம் மூக்கொலியாகத் தேய்ந்து 'குடுக்கலா' என்று நிற்கும். காதுக்கு இரண்டும் வேறு. நெடிலின் நீளமும் மூக்கொலியும் பிரித்துக் காட்டிவிடும். அதையே ஆங்கில எழுத்தில், நெடிலைக் குறிலாக்கி, காதில் சரியாக விழாத மகரத்தையும் விட்டுவிட்டு எழுதினால், மறுப்பும் அனுமதியும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. `varala`, `pogala`, `anupala`, `sollala` என்று எந்த வினையை எடுத்தாலும் இதே கதைதான். எது நடக்கவில்லை, எதைச் செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் மனிதர்கள் பெரும்பாலும் செய்தி அனுப்புகிறார்கள். அந்த இடத்திலேயே எழுத்து கைவிட்டுவிடுகிறது.

ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன என்று எல்லோரும் புலம்புகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை இல்லை. `palli` திறந்திருக்கிறதா என்று யாராவது கேட்டால் சுவரில் ஓடும் பல்லியை ஒருவரும் நினைக்கப்போவதில்லை. சூழல் காப்பாற்றிவிடும். `kudukala` போன்ற இடத்தில் சூழலும் காப்பாற்றாது. மாத்திரை கொடுக்காததும் நடக்கக்கூடியது, கொடுக்கலாம் என்பதும் நடக்கக்கூடியது.

அந்த ஒரு வரியோடு என் மனக்குறை தீர்ந்துவிடவில்லை, ஐயா. சில காலத்துக்கு முன் உங்கள் இதழிலேயே இதற்கு நேர்மாறாக ஒரு கட்டுரை வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு மொழிப்பற்றே இல்லை என்றது அது. அதற்கு நான் எழுதிய மறுப்பை நீங்கள் வெளியிடவில்லை. அதில் என்ன எழுதினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். என் ஒன்றுவிட்ட அண்ணன் மகளின் பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்கிறார்கள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். எழுத்து மட்டும் தெரியாது. `paatti, eppo varuveenga` என்று அவர்கள் எழுதுவது தமிழ்தான். அதை ஆங்கில எழுத்தில் எழுதாமல் அவர்கள் வேறு எப்படி எழுத முடியும்? அவர்களுக்கு நான் தமிழ் எழுத்தில் பதில் அனுப்பினால், அதை வாசித்துக்காட்ட அவர்கள் அம்மா வேலையிலிருந்து வரவேண்டும். ஆகவே அவர்களுக்கு ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறேன். என் மொழிப்பற்றில் இதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பெரியம்மாவின் கதை வேறு. உங்கள் இதழை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பவர் அவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியாது. குடும்பக் குழுவில் பேரப்பிள்ளைகள் நாளெல்லாம் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். யாருக்கோ குழந்தை பிறந்த செய்தியை, படம் வந்த பிறகுதான் அவர் தெரிந்துகொண்டார். வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்மணியை அவருடைய சொந்த மொழியிலேயே வாசிக்கத் தெரியாதவராக்கி உட்காரவைத்திருக்கிறோம். 'புரிந்தால் போதும்' என்று எழுதியவர் ஒரு நாள் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழுவைப் பார்க்கட்டும்.

எந்த எழுத்து என்பதை எழுதுகிறவரின் விரல் முடிவு செய்யக்கூடாது, படிக்கிறவரின் கண்தான் முடிவு செய்யவேண்டும் என்பதே நான் அன்றும் எழுதியது. தமிழ் எழுத்து தெரியாதவருக்கு ஆங்கில எழுத்து. இரண்டும் தெரிந்த நண்பர்கள் இருவர், "வந்துவிட்டாயா", "கிளம்பிவிட்டேன்" என்று பேசிக்கொள்வதும் எந்த எழுத்தில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. மருந்து, பணம், நேரம், முகவரி என்று தவறாகப் படித்தால் கேடு விளையும் எதுவும் தமிழ் எழுத்தில் இருக்கவேண்டும். பலர் சேர்ந்திருக்கும் குழுவில் ஒருவருக்காவது ஆங்கில எழுத்து தெரியாதென்றால், அங்கும் அப்படித்தான். கண் பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் குரல் `kudukala`வை ஆங்கிலச் சொல்போல உச்சரித்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

தமிழில் தட்டச்சு செய்வது கடினம் என்ற சாக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது. `vanakkam` என்று தட்டினால் வணக்கம் என்று மாற்றித்தரும் விசைப்பலகைகள் வந்து எவ்வளவு காலமாயிற்று! இளைஞர்கள் தயங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. தமிழ் எழுத்து என்றாலே மேடைத் தமிழில் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேசுவதைப் பேசுகிறபடியே தமிழ் எழுத்திலும் எழுதலாம் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கிறோமா? பிழை கண்டுபிடித்துச் சிரித்ததுதான் மிச்சம்.

ஆங்கில எழுத்தில் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் ஓர் ஒழுங்காவது வேண்டும். அறிஞர்கள் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்டு எழுதும் முறை துல்லியமானது, ஆனால் கைபேசியில் யாரும் அதைத் தட்டப்போவதில்லை. ள, ண ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து என்ற பழைய ஏற்பாடும் கைபேசியில் நிற்காது. சொல்லின் நடுவே பெரிய எழுத்து இட ஒவ்வொரு முறையும் இன்னொரு விசையை அழுத்தவேண்டும். அவசரத்தில் யார் அதைச் செய்வார்கள்? எங்கள் வீட்டில் அன்றைய குழப்பத்துக்குப் பிறகு எளிதான சிலவற்றை வைத்துக்கொண்டோம். நெடில் என்றால் அதே உயிரெழுத்தை இரட்டிப்பது. `aa`, `ii`, `uu`, `ee`, `oo`. இதில் `ee` எப்போதும் ஏ, `oo` எப்போதும் ஓ. ஆங்கிலப் பழக்கத்தில் `ee` என்பதை ஈ என்று வாசிக்கிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மெய் இரட்டித்தால் எழுத்தும் இரட்டிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மறுப்பு `lai` என்று முடியவேண்டும், அனுமதி `laam` என்று முடியவேண்டும். அவசரத்தில் ஆங்கில எழுத்திலேயே அனுப்பினாலும் தம்பியின் செய்தி இப்போது இப்படி வரும்: `iravu vali maaththirai kudukkalaam`. அக்காவுக்குக் கோபிக்க இடமில்லை.

ஒரு சொல்லை ஒரே மாதிரி எழுதுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதை நான் பின்னால்தான் கவனித்தேன். வாடகை பற்றிய பழைய செய்தியைத் தேடினால் அகப்படவே அகப்படாது. ஒரே ஆள் அதை `vadagai` என்றும் `vaadakai` என்றும் `vadakai` என்றும் எழுதியிருப்பார். கைபேசிக்கு இவை மூன்று வேறு சொற்கள்.

இனி உங்கள் அலுவலகத்தைப் பற்றி. சந்தாத் தொகையைக் கட்டி, ரசீதும் பெற்ற பிறகு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: `Ungal santha pudupikala`. புதுப்பிக்கவில்லை என்கிறீர்களா, புதுப்பிக்கலாம் என்கிறீர்களா? இத்தனை காலம் தவறாமல் கட்டிவரும் என்னைக் கட்டாதவள் என்கிறீர்களோ என்று மனம் வருந்தியது. தொலைபேசியில் கேட்டபோது, தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்றார்கள். அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. சாதாரணக் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். அதிலும் 'கா' என்பதற்கு இரண்டு இடம், புள்ளி வைத்த 'க்' என்பதற்கும் இரண்டு இடம். நீண்ட செய்தி இரண்டு மூன்றாக உடைந்து கட்டணம் ஏறும். ஆனால் நீங்கள் சொல்லவேண்டியது நீண்ட செய்தியா? "உங்கள் சந்தா இம்மாதம் முடிகிறது. புதுப்பிக்கவும்." நான் எண்ணிப்பார்த்தேன். புள்ளி, கால், இகர உகரக் குறிகள், இடைவெளி எல்லாம் சேர்த்து 49 இடம்தான். ஒரே செய்தியில் அடங்குகிறது, இன்னும் 21 இடம் மீதம் இருக்கிறது.

அடுத்த மாதச் சந்தா நினைவூட்டலையாவது இந்த வாசகத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பெயரில் பாக்கி எதுவும் இல்லை என்பதையும் ஒருமுறை பதிவேட்டில் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்