‘புகைப்பழக்கம் உண்டா?’ என்று மட்டும் கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய் பற்றி அண்மையில் உங்கள் இதழில் வந்த கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் அதற்கு வழக்கம்போல சிகரெட் துண்டுகளின் படத்தையே போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தை என் அண்ணி கண்ணில் படாமல் மடித்து வைத்தேன். பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் உழைத்தவர், வயது நாற்பத்தாறு. பீடியையோ சிகரெட்டையோ தொட்டதே இல்லை. அவருக்கு இருப்பது நுரையீரல் புற்றுநோய்.

இருமல் தொடங்கியபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பீடி குடிக்கிறவங்களுக்குத்தான் நெஞ்சு கெடும், எனக்கென்ன" என்பார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது தெரிந்தது. ஊசி போட்டு எடுத்த நீர் சிவப்பாக இருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: "புகைப்பழக்கம் உண்டா?" இல்லை என்றதும், "அப்போ டிபிதான்" என்று மாத்திரை எழுதினார்.

அந்த மருத்துவரைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. நம் ஊரில் காசநோய் அதிகம். சளியில் கிருமி தெரியாமலும் அது இருக்கலாம். ஆனால் சிவப்பாக வந்த நீரைப் புற்று அணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனைக்கும் அன்றே அனுப்பியிருக்க வேண்டும். ஒரு முறை அனுப்பினாலே புற்று உள்ளவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மறுபடி அனுப்பலாம், அப்புறம் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். அண்ணிக்கு டிபி மாத்திரை இரண்டு மாதம் ஓடியும் எடை குறைந்துகொண்டே போனது, எடுத்த நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் சி.டி. ஸ்கேன், பயாப்சி எல்லாம். வந்த பெயர் அடினோகார்சினோமா. புகைக்காதவர்களுக்கு அதிகம் வருவது இந்த வகைதான்.

நோயின் பெயர் தெரிந்ததும் இன்னொரு வலி தொடங்கியது. "பொம்பளைக்கு எப்படி இந்த நோவு வந்துச்சு, ரகசியமா ஏதாவது பழக்கமா?" என்று சொந்தக்காரரே கேட்டார். அண்ணி அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு வருவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால் "நெஞ்சுல நீர்" என்று மட்டும் சொல்லச் சொன்னார். நோயையே மறைத்தால் பணம் கைமாற்றாகக் கேட்பது எப்படி, மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் கூப்பிடுவது எப்படி? இடுப்பு வலித்ததைக்கூட எங்களிடம் பல வாரம் சொல்லவில்லை. புற்று எலும்புக்குப் பரவியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

"அவர் புகைத்ததே இல்லை" என்று நாங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அதைக் குறைத்துக்கொண்டோம். பக்கத்துக் கட்டிலில் பீடி குடித்து நோய் வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். எங்கள் பேச்சு அவரைக் குற்றவாளி ஆக்குவதுபோல் இருந்தது. அவருக்கும் அதே வலிதானே.

எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிறு வயதிலிருந்து புகை போக வழியில்லாத சமையலறையில் விறகடுப்பு ஊதியவர் அவர். வீட்டு விறகடுப்புப் புகையை அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. கல் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியை உறுதியான காரணமாகவே சேர்த்திருக்கிறது. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் வேலை செய்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. புகைப்பழக்கம் உண்டா என்று கேட்கும் இடத்தில் விறகடுப்பையும் கல் தூசியையும் வீட்டில் பிறர் பிடித்த பீடியையும் கேட்டு எழுத அரை நிமிடம் போதும்.

பயாப்சி துணுக்கில் EGFR என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். இந்தியாவில் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது இருக்கிறது, புகைக்காதவர்களிடம் இன்னும் அதிகம். அண்ணிக்கு இருந்தது. தினம் ஒரு மாத்திரை எடுக்கிறார், மூச்சு சீராகியிருக்கிறது. இது நோயை முழுதாகக் குணமாக்காது. பலருக்கு ஓராண்டு வாக்கில் மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிடும், அப்போது வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும். ஆனால் டிபி மாத்திரையில் போன நாட்களில் இது கிடைத்திருந்தால் எலும்பு வலிக்கு முன்பே தொடங்கியிருக்கலாம்.

அறிகுறி வருமுன் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்கும் முறை வெளிநாடுகளிலும் பெரும்பாலும் நீண்ட நாள் புகைத்தவர்களுக்கே பரிந்துரைக்கப்படுகிறது. புகைக்காதவருக்கு அறிகுறி ஒன்றுதான் வழி. எனவே மூன்று வாரம் தாண்டிய இருமலோ, சளியில் ரத்தமோ, திரும்பச் சேரும் நெஞ்சு நீரோ இருந்தால், சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகு புற்றுக்கான பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள் என்று உங்கள் அடுத்த கட்டுரையில் எழுதுங்கள். அதற்கு சிகரெட் படம் வேண்டாம்.

– ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.