‘வருஷத்துக்கு ரெண்டு வாரம்’: மணலி, திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

எச்.ஆர். மேலாளர்களுக்கும் சம்பளக் கணக்குப் பிரிவினருக்கும் வணக்கம்.

ஆட்குறைப்பு வந்தால் உங்கள் செட்டில்மென்ட் தாளில் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரச் சம்பளம்’. சட்டத்தை அப்படியே எழுதியதுபோல்தான் தெரியும். சட்டம் சொல்வதோ வேறு. தொடர்ச்சியான பணியில் பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதிக் காலத்துக்கும், 15 நாள் சராசரி ஊதியம். 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் 25எஃப் பிரிவில் இருந்த இந்த அளவு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் மாறவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி 2014 ஜூன் 10-இல் சேர்ந்தார். 2026 மார்ச் 31-இல் ஆட்குறைப்பு என்று வைத்துக்கொள்வோம். பேசிக் 9,000, பஞ்சப்படி 3,500, வீட்டு வாடகைப்படி 11,000, பயணப்படி 6,500. ஆக மாதம் 30,000 ரூபாய். உங்கள் தாளில் பேசிக்கை மட்டும் 30-ஆல் வகுத்து, நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்து, 14 நாள், 11 ஆண்டு என்று பெருக்கியிருப்பார்கள்: 46,200 ரூபாய்.

இதில் மூன்று இடத்தில் பணம் ஒழுகுகிறது. முதலாவது, இரண்டு வாரம் என்பது 14 நாள், சட்டம் கேட்பது 15. இதைச் சரி செய்தால் தொகை 49,500 ஆகிறது. இரண்டாவது, 11 ஆண்டுக்குப் பிறகும் ஒன்பது மாதத்துக்கு மேல் வேலை செய்திருக்கிறார். ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதால் அது 12-ஆவது ஆண்டாகவே எண்ணப்பட வேண்டும், தொகை 54,000. ‘பூர்த்தியான ஆண்டு’ என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும்போது மறைந்துபோவது இதுதான்.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது. சராசரி ஊதியம் என்றால் பேசிக் மட்டும் அல்ல, பஞ்சப்படியும் சேர்ந்தது. வாடகைப்படி, பயணப்படி போன்றவை ஊதியத்தில் சேராது என்று புதிய தொகுப்பு சொல்வது உண்மை. ஆனால் அவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். இங்கே விலக்கப்படுபவை 17,500. மொத்தத்தில் பாதி 15,000. மிஞ்சிய 2,500-ஐ 12,500-உடன் சேர்த்தால் ஊதியம் 15,000. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசி மூன்று முழுக் காலண்டர் மாதங்களின் சராசரியை எடுக்க வேண்டும். சம்பளம் மாறாததால் இவருக்கு அதுவும் 15,000-தான். நாளுக்கு 500, ஆண்டுக்கு 7,500, 12 ஆண்டுக்கு 90,000 ரூபாய். உங்கள் தாளில் இருப்பதைவிட 43,800 அதிகம்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறோம். பணிக்கொடைக்கு 26-ஆல் வகுப்பதைப் பார்த்து, இழப்பீட்டுக்கும் 26-ஆல் வகுக்கச் சொல்லிச் சிலர் சண்டை போடுகிறார்கள். அது செல்லாது. ஆட்குறைப்பு இழப்பீட்டில் 15 நாள் என்றால் அரை மாத ஊதியம்தான் என்று 2007-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சேர்ந்த தேதியிலும் தகராறு வருகிறது. ‘கன்ஃபர்மேஷன் ஆன நாளிலிருந்து’ என்று எண்ணாதீர்கள். உங்களிடமே தற்காலிகமாக உழைத்த காலமும், இடையில் முறிவு இல்லையென்றால், பணிக்காலம்தான். 12 மாதத்தில் 240 நாள் வந்தாரா என்று பார்க்கும்போது, சம்பளத்தோடு கூடிய வார விடுமுறையையும் பண்டிகை விடுமுறையையும் வேலை நாளாகச் சேர்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் ‘பி’ போட்ட நாட்களை மட்டும் எண்ணி 240 வரவில்லை என்பது பழைய தந்திரம்.

ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாவற்றையும் ஒரே தொகையாக்கி ‘பேக்கேஜ்’ என்று நீட்டுவதையும் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. மறுதிறன் நிதியிலிருந்து 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டிய 15 நாள் ஊதியமும் இழப்பீட்டுக்கு ஈடாகாது.

குறைந்த தொகையைப் பிறகு கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இழப்பீடு ஆட்குறைப்பின்போதே கொடுக்கப்பட வேண்டும். அது ஆட்குறைப்புக்கான முன்நிபந்தனை. தொகை குறைந்தால் ஆட்குறைப்பே செல்லாமல் போகலாம். அப்போது வழக்கு 43,800 ரூபாய் பற்றியதாக இருக்காது, வேலையில் மீண்டும் சேர்ப்பது பற்றியதாகிவிடும்.

ஆகவே அடுத்த பட்டியலை ஒட்டும் முன், ஒவ்வொருவர் தாளிலும் சேர்ந்த தேதி, எண்ணிய ஆண்டுகள், மூன்று மாத ஊதியம் தனித்தனி வரிகளாக, நாள் ஊதியம், இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வாங்குவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பாக, தமிழில்.

இப்படிக்கு,
வடசென்னைத் தொழிலாளர்களின் செட்டில்மென்ட் கணக்குகளைச் சரிபார்ப்பவர்கள்