கண்ணாடி ஓவியம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்து முதலில் பார்த்தது நீ வாங்க நினைக்கும் பூச்சாடி ஓவியத்தின் படங்களைத்தான். கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கத்திலிருந்து பார்க்கும் வகை அது.

சிவப்புத் திரையில் வெளிறிய திட்டுகள் இருப்பதால் நிறம் மங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். அது மங்கல் இல்லை என்றே தோன்றுகிறது. வெளிச்சத்தில் மங்கும் நிறம் மெல்ல மெல்லக் குறையும், ஓரம் தெரியாது. உன் படத்தில் திட்டுகளுக்குத் தெளிவான ஓரமும் வெள்ளி போன்ற பளபளப்பும் இருக்கின்றன. வண்ணம் கண்ணாடியை விட்டு எழும்பி, இடையில் காற்று புகுந்துவிட்டது. வண்ணம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, ஒட்டிக்கொண்டு இல்லை, அவ்வளவுதான். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெயோ பிசினோ காய்ந்து இறுகும்போது பிடிப்பு விட்டுப்போகிறது. ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக உரியும்.

இந்த உரிதல் எந்த இடத்தில் நடந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். சிவப்புத் திரை திட்டுத் திட்டாக எழும்பியிருக்க, அதை ஒட்டிய நீலச் சாடி அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் பிசின் அளவும் பூச்சின் தடிமனும் வேறு, அதனால் இயல்பாக உரியும் ஓவியம் பெரும்பாலும் நிறத்துக்கு நிறம் வேறுபட்டு உரியும். பழசாகக் காட்டுவதற்காகச் சுரண்டியிருந்தால் சேதம் நிறங்களின் எல்லையைப் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஓடும், கோடு கோடாகவும் இருக்கும். உன் படத்தில் அப்படி எதுவும் இல்லை. இது எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது.

கண்ணாடி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜன்னல் கம்பியின் பிரதிபலிப்பு அதில் நெளிந்து தெரிவதையும், இரண்டு நீளமான குமிழிகளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். உருக்கிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடி செய்யும் முறை 1959-இல்தான் அறிமுகமானது. அந்தக் கண்ணாடி நெளியாது. ஆகவே உன்னுடையது பழைய முறையில் செய்த கண்ணாடி என்று நம்பலாம். ஆனால் அதனால் ஓவியமும் பழசு என்று ஆகிவிடாது. பழைய ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் புதிதாக வரைகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, வண்ணம் பூசிய பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று முன்பக்கத்திலிருந்து பார். கீறலுக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், வரைவதற்கு முன்பே அந்தக் கண்ணாடி எங்கேயோ புழங்கியிருக்கிறது. முன்பக்கத்தில் மட்டும் கீறல் இருந்தால் கவலை வேண்டாம், அது துடைத்துத் துடைத்து வந்தது.

அப்புறம் பின்பக்கத் தாள். எனக்குச் சந்தேகம் வருவது அங்கேதான். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கில் காட்டினால் அநேகமாகப் பளிச்சென்று நீலமாக ஒளிரும், அதாவது வெளுப்பூட்டி கலந்த சமீபத்துத் தாள். யாரோ அண்மையில் சட்டத்தைத் திறந்து மூடியிருக்கிறார்கள். அது தப்பு இல்லை. ஆனால் இவ்வகை ஓவியங்களில் வண்ணம் பூசாமல் விட்ட இடத்தில் நிறத்தாளோ ஜிகினாத் தாளோ வைப்பதுண்டு, தாளும் ஓவியத்தில் ஒரு பங்கு. உன் படத்தில் பூக்களுக்குப் பின்னே தெரியும் அந்த விறைப்பான வெள்ளை, வரைந்தவர் நினைத்த நிறமாக இருக்காது என்பது என் கணிப்பு. பழைய தாள் கைவசம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேள். சட்டத்தின் பின்னால் அடித்த பலகையின் இடுக்குகள் அதில் பழுப்புக் கோடுகளாகப் பதிந்திருக்கும், ஆணித் துளையைச் சுற்றித் துரு வட்டம் இருக்கும். அந்தத் துளைகள் சட்டத்தின் துளைகளோடு பொருந்தினால் தாளும் சட்டமும் நெடுநாள் ஒன்றாக இருந்தவை.

சட்டத்தைத் திறக்கச் சொல்வாயானால், ஓவியத்தை முகம் கீழாகக் கிடத்தியபடி திறக்கச் சொல். தாள் வண்ணத்தோடு ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, இழுத்தால் வண்ணம் தாளோடு வந்துவிடும். திறந்ததும் கீழ் விளிம்பைப் பார். உதிர்ந்த செதில்கள் அங்கே தங்கியிருக்கலாம், அவற்றைத் தட்டிவிடாமல் ஒரு உறையில் எடுத்து வை. பின்பக்கம் முழுக்கப் புது வார்னிஷ் பளபளத்தால் மட்டும் வாங்காதே. எழும்பிய வண்ணம் முன்னால் செழிப்பாகத் தெரிவதற்காக அதைப் பூசுவார்கள், பிறகு அதை எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

வண்ணம் இறங்கிய கீறலும் புது வார்னிஷும் இல்லையென்றால் தாள் புதிதாக இருப்பதற்காக இந்த ஓவியத்தை விட்டுவிடாதே. வாங்கினால் ஈரச்சுவரில் மாட்டாதே, வெயில் படும் சுவரிலும் வேண்டாம். பின்பக்கத்தைப் படம் எடுத்து உடனே அனுப்பு.

அன்புடன்,
ராகவன்