டயாலிசிஸ் பிரிவுகளுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கு: ஊசி போட்ட தேதியைப் பார்த்துவிட்டு இரத்தம் எடுங்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் டயாலிசிஸ் பிரிவுகளைக் கண்காணிக்கும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். வாரம் இருமுறையோ மும்முறையோ இயந்திரத்தை நம்பி வாழ்பவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் தடுப்பூசியும் ஏன் தேவை என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே அதை விளக்காமல், எங்கள் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் என் அண்ணனுக்கு நேர்ந்ததைச் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் இரண்டாம் தவணையை ஒரு திங்கட்கிழமை போட்டார்கள். அதே வாரம் வியாழக்கிழமை, வழக்கமான வைரல் மார்க்கர் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரசின் மேலுறைப் புரதமான எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று முடிவு வந்தது. அடுத்த முறை சென்றபோது, கட்டிலில் படுக்கும் முன்பே, "இனி இங்கே போட முடியாது, பாசிட்டிவ் மெஷின் இருக்கும் இடத்திற்குப் போங்கள்" என்று ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் இடம் கிடைப்பதற்குள் ஒரு டயாலிசிஸ் தவறியது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, மல்லாந்து படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார்.

அந்தப் புதிய மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்தான் கோப்பைப் புரட்டி, ஊசி போட்ட தேதியையும் இரத்தம் எடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர். தடுப்பூசியில் இருப்பதே அந்த வைரசின் மேலுறைப் புரதம்தான். பரிசோதனை தேடுவதும் அதே புரதத்தைத்தான். ஊசி போட்ட பிறகு சில நாட்கள், சிலருக்கு இரண்டு மூன்று வாரங்கள் வரைகூட, அது இரத்தத்தில் தென்படலாம். எனவே ஊசிக்குப் பிறகு நான்கு வாரமாவது இப்பரிசோதனையைத் தள்ளிவைக்க வேண்டும். மாறாக, மையப் புரதத்துக்கு எதிரான ஆன்டி எச்.பி.சி.யைத் தடுப்பூசியால் உண்டாக்க இயலாது, வைரசின் டி.என்.ஏ.வும் ஊசியில் கிடையாது. அவ்விரண்டையும் பார்க்கச் சொன்னார். வெளி ஆய்வகத்தில் பணம் கட்டிப் பார்த்தோம். இரண்டும் இல்லை. நான்கு வாரம் கழித்து எடுத்த எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் நெகட்டிவ்.

இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். நோய் இல்லாத ஒருவரை, அதுவும் இரண்டே தவணை ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று யாருமே பார்க்காத ஒருவரை, அந்த நான்கு வாரமும் உண்மையாகவே ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களின் அறையில், அவர்களுக்கான இயந்திரத்தில் படுக்கவைத்தோம். உலர்ந்த பரப்பில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடிய வைரஸ் அது. இப்போது பழைய பிரிவுக்குத் திரும்பக் கேட்டால், "பாசிட்டிவ் மெஷினில் இருந்தவர், ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். நோய் வெளிப்பட ஆறு மாதம் வரை ஆகலாம் என்பதால் அந்த எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரை அங்கே அனுப்பியது யார் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: தடுப்பூசி போட்ட தேதியும், அதன் பலனாக வந்த எதிர்ப்புச் சக்தியின் அளவும், ஒவ்வொரு நோயாளியின் டயாலிசிஸ் அட்டையில் எழுதப்பட வேண்டும்; அவற்றைப் பார்க்காமல் வைரல் மார்க்கருக்கு இரத்தம் எடுக்கவோ, இயந்திரம் மாற்றவோ கூடாது என்று எல்லாப் பிரிவுகளுக்கும் எழுத்து மூலம் ஆணையிட வேண்டும்.

அளவை ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் பிரிவின் பதிவேட்டில் தடுப்பூசிக்கு நேரே ஒரு டிக் மட்டுமே இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடல் தடுப்பூசிக்கு மந்தமாகவே எதிர்வினை காட்டும் என்பதால்தான், மற்ற பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் மூன்று தவணை என்றால், இவர்களுக்கு 40 மைக்ரோகிராம், அதாவது வழக்கமான குப்பியில் இரண்டு, தொடக்கத்திலும் 1, 2, 6 ஆகிய மாதங்களிலுமாக நான்கு தவணை போடப்படுகிறது. தோள்பட்டைத் தசையில், டயாலிசிஸ் ஊசி செருகும் ஃபிஸ்டுலா இல்லாத கையில் போட வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகப் போட்ட பிறகும் கணிசமானவர்களுக்குப் போதிய எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. கடைசி ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து அந்த எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ஆன்டி எச்.பி.எஸ். அளவைப் பார்த்து, அது 10க்குக் குறைவாக இருந்தால் மறுபடி முழுச் சுற்றும் போட வேண்டும். 10ஐத் தாண்டியவர்களுக்கும் அது ஆண்டுதோறும் கரையும் என்பதால், வருடம் ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் ஊக்கத் தவணை தர வேண்டும். அளவு 4 உள்ளவருக்கும் 400 உள்ளவருக்கும் ஒரே டிக் என்றால் அந்தப் பதிவேடு யாருக்காக?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளுக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதற்கும் விரிந்தது 2011இல். இன்று டயாலிசிஸ் கட்டிலில் இருக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு அது கிடைத்திருக்க வழியில்லை. அண்ணன் சிறுநீரகப் புறநோயாளிப் பிரிவில் ஆண்டுக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்தார். வடிகட்டும் திறன் 30க்குக் கீழே இறங்கியபோதே ஊசியைத் தொடங்கியிருந்தால் உடல் இன்னும் நன்றாக ஏற்றிருக்கும். டயாலிசிஸ் தொடங்கும் நாளில் அளவும் கையில் இருந்திருக்கும். அங்கே கிரியாட்டினினைப் பார்த்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் ஜூலை 28 வந்தால், உலகக் கல்லீரல் அழற்சி தினப் பதாகை அதே பிரிவின் வாசலில்தான் கட்டப்படுகிறது. பதாகை கட்ட ஆள் கிடைக்கிறது. அட்டையில் தேதி எழுத ஆள் கிடைப்பதில்லை.

தனி இயந்திரம் இருந்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நினைப்பும் இத்துடன் சேர்ந்ததே. ஒரே ஹெப்பாரின் குப்பி ட்ராலியில் கட்டிலுக்குக் கட்டில் நகர்வதையும், ஒருவருக்கு ஊசி செருகிய கையுறையோடு அடுத்தவரின் இயந்திரப் பொத்தான் அழுத்தப்படுவதையும் நோயாளிகளின் உடன் வருவோர் தினமும் பார்க்கிறோம். ஹெபடைட்டிஸ் சி பரவுவதும் பெரும்பாலும் இவ்வழியில்தான். அதற்குத் தடுப்பூசியே கிடையாது. ஒரு ஷிப்டில் எத்தனை பேரை ஒரு டெக்னீஷியன் பார்க்கிறார் என்பதை அறிந்தவன் ஆதலால் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கோபத்தில் சற்று அகன்றுவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது தேதியும் அளவும் மட்டுமே. ஊசிக்குப் பின் நான்கு வாரத்துக்குள் பாசிட்டிவ் வந்தால், ஆன்டி எச்.பி.சி.யும் டி.என்.ஏ.வும் பார்த்து உறுதியாகும் வரை அவரைப் பாசிட்டிவ் அறைக்கு அனுப்பாமல், அன்றைய கடைசி ஷிப்டில் மற்றவர்களிடமிருந்து விலக்கி டயாலிசிஸ் செய்து, பிறகு இயந்திரத்தையும் கட்டிலையும் கிருமிநாசினியால் துடைக்கலாம். அவ்விரு பரிசோதனைகளையும் மருத்துவமனையே செய்து தரவும் வேண்டுகிறேன்.

அண்ணனுக்கு நான்காவது தவணை வரவிருக்கிறது. அதற்குள் இந்த ஆணையைப் பிறப்பித்து, தவணை முடிந்த பின் அவருடைய அளவைப் பார்த்து அட்டையில் எழுதித் தரச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் தம்பி