பவர் டேபிள் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பவர் டேபிள் முதலாளிகளுக்கு வணக்கம்.

டெலிவரி தள்ளிப்போனால் உடனே இன்னொரு ஓவர்லாக் மெஷினுக்கு விலை கேட்கிறீர்கள். அதற்கு முன் லைனை ஒருதரம் சுற்றி வாருங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் பண்டல் குவிந்து, அதற்கு அடுத்த மெஷினில் டெய்லர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரோ, தடை அங்கேதான்.

சாதாரண ரவுண்ட் நெக் டி-சர்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மெஷினிலும் தொடர்ந்து பத்து பீஸுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுங்கள். ஷோல்டர் 25 வினாடி, நெக் ரிப் 45, பின்கழுத்து டேப் 60, கை 45, சைடு 45, பாட்டம் 40 என்று வருவதாக வைப்போம். ஷோல்டரில் மணிக்கு 144 தைத்தாலும் கடைசியில் வெளியே வருவது 60தான். மிச்சமெல்லாம் வழியில் குவியும்.

டேப் டெய்லரின் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். அந்த 60 வினாடியில் 15 வினாடி நூல் வெட்டவும் பீஸைத் திருப்பி அடுக்கவும் போகிறதென்றால், அந்த வேலையை ஹெல்பரிடம் கொடுங்கள். டேப்பும் 45 ஆகும். கணக்குப்படி எட்டு மணி நேரத்தில் 480 என்பது 640 வரை போகும். அதற்கு மேல் டேப்புக்கு இன்னொரு மெஷின் போட்டாலும் ஒரு பீஸ்கூட ஏறாது. நெக், கை, சைடு மூன்றும் 45லேயே நிற்கின்றனவே!

டேப் மெஷின் தடையாக இருக்கும்வரை அது பத்து நிமிடம் நின்றால் பத்து டி-சர்ட் போனது போனதுதான். ஷோல்டர் மெஷின் அதே பத்து நிமிடம் நின்றால், டேப்புக்கு முன்னால் குவியல் இருக்கிறவரை யாருக்கும் தெரியாது. ஆகவே சுற்றி வைத்த பாபினும் மாற்று ஊசியும் முதலில் டேப் மெஷினில் இருக்கட்டும். டீ நேரத்தில் அதை ஓட்ட மாற்று ஆள் வேண்டும்.

ஆல்டர் விஷயத்திலும் இதே கணக்குதான். அலையடிக்கிற கழுத்தைக் கடைசி செக்கிங்கில் கண்டுபிடித்தால், டேப்பையும் பிரித்து, அதே டேப் மெஷினுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். டேப்புக்கு முன்பே கழுத்தைப் பார்த்துவிட்டால் நெக் மெஷினோடு முடிந்தது. பெரும்பாலும் தப்பு கட்டிங்கில் தொடங்குகிறது. ரோலைப் பிரித்த கையோடு வெட்டிய ரிப் பிறகு சுருங்கும். நீளம் குறைந்த ரிப்பை டெய்லர் இழுத்துப் பொருத்துவார், இழுவை சீராக இருக்காது. முந்தின நாளே பிரித்துத் தளரவிட்டு வெட்டுங்கள். பண்டலையும் 50லிருந்து 10 ஆக்கினால், தப்பு பத்தோடு பிடிபடும்.

கடிகாரத்தோடு நின்றால் டெய்லர்கள் மெதுவாகத்தான் தைப்பார்கள். பீஸ் ரேட்டைக் குறைக்கப் போகிறீர்கள் என்று பயம்; பல இடங்களில் நியாயமான பயம். ரேட் மாறாது என்று முதலில் சொல்லுங்கள். குவியல் ஏறியதும் ஷோல்டர் டெய்லரை நிறுத்தினால், அந்த நேரத்துக்கு ஷிப்ட் கூலி போடுங்கள். இல்லாவிட்டால் அவர் நிறுத்த மாட்டார்.

இப்படிக்கு,
தையல் லைன் சூப்பர்வைசர்கள் சிலர்